பள்ளிக் கணக்கெடுப்பு அட்டவணையின் புகைப்படத்திலிருந்து நிபந்தனை நிகழ்தகவு கணக்கிடுவது எப்படி?

பள்ளியில் எடுத்த கணக்கெடுப்பின் முடிவை ஒரு சார்ட் தாளில் கட்டம் போட்டு எழுதி, அதைக் கைபேசியில் படம் பிடித்து, வகுப்புக் குழுவில் அனுப்பி, "இதிலிருந்து நிகழ்தகவு காண்க" என்று வேலை கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படி வந்த படங்களோடு மல்லுக்கட்டியதில் எனக்குத் தெரிந்தது, வகுத்தல் இரண்டு நிமிட வேலை என்பதும், எந்த எண்ணை எந்த எண்ணால் வகுப்பது என்று தெளிவதற்குத்தான் நேரம் போகிறது என்பதும் ஆகும். முதன்முறையாக இத்தகைய அட்டவணையைக் கையில் எடுப்பவர்கள் அந்த நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

கட்டுரை முழுவதற்கும் ஒரே அட்டவணையை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்திற்காக நான் அமைத்தவை. எந்தப் பள்ளியின் உண்மைத் தரவும் அல்ல. ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் 400 மாணவர்களிடம் "நீங்கள் பள்ளிக்கு எப்படி வருகிறீர்கள்?" என்று கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

| வகுப்பு | நடந்து | சைக்கிள் | பேருந்து | பிற | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| 9 | 31 | 14 | 38 | 7 | 90 |
| 10 | 27 | 18 | 36 | 4 | 85 |
| 11 | 16 | 57 | 29 | 3 | 105 |
| 12 | 14 | 61 | 40 | 5 | 120 |
| மொத்தம் | 88 | 150 | 143 | 19 | 400 |

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குவதால், சைக்கிள் நிரலில் 11ஆம் வகுப்பு முதல் எண்கள் சட்டென்று ஏறுவது போல அமைத்திருக்கிறேன். நிறையையும் நிரலையும் குழப்பிக்கொண்டால் விடை எவ்வளவு மாறும் என்பதை இந்த ஏற்றம் தெளிவாகக் காட்டும்.

## 1. கணக்குக்கு முன் திரட்ட வேண்டியவை

படம் மட்டும் போதாது. மூன்று பொருள்களைக் கேட்டு வாங்குங்கள்: படத்தின் நல்ல பிரதி, கணக்கெடுப்பில் பயன்படுத்திய வினாத்தாள், அந்தந்த வகுப்பின் மாணவர் எண்ணிக்கை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் வந்து சேரும். பென்சிலில் எழுதிய சிறிய எண்கள் அதில் மங்கிவிடும். அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் எடுத்த தெளிவோடு வரும். இதற்குச் செலவு கிடையாது. நீங்களே நேரில் சென்று எடுக்க முடியுமானால், சார்ட்டுக்கு நேர் எதிரே நின்று, ஃபிளாஷ் இல்லாமல், நான்கு ஓரங்களும் படத்துக்குள் விழும்படி ஒன்றும், எண்களை மட்டும் நெருக்கமாக இன்னொன்றும் எடுங்கள். ஓரம் வெட்டுப்பட்ட படங்களில் பெரும்பாலும் காணாமல் போவது கடைசி நிரலும் கடைசி நிறையும்தான்; மொத்தங்கள் இருப்பதும் அங்கேதான். சார்ட் சுவரில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். அடுத்த கண்காட்சிக்காக அதைக் கழற்றிச் சுருட்டிய பிறகு யாரிடம் இருக்கிறது என்று தேடுவது பெரும்பாடு.

வினாத்தாள் எதற்கு என்று தோன்றலாம். "பொருந்துவதை எல்லாம் குறிக்கவும்" என்று அதில் இருந்தால், பேருந்து நிறுத்தம் வரை நடந்து, பிறகு பேருந்தில் வரும் ஒரு மாணவர் இரண்டு கட்டங்களிலும் எண்ணப்பட்டிருப்பார். அப்போது கடைசி நிரலில் உள்ள 105 என்பது மாணவர்களின் எண்ணிக்கையாக இருக்காது. குறிகளின் எண்ணிக்கையாக இருக்கும். அதை வைத்து மாணவரைப் பற்றிய நிகழ்தகவு எதையும் சொல்ல முடியாது. வினாத்தாள் கிடைக்காவிட்டால், வகுப்பின் மாணவர் எண்ணிக்கையோடு நிறை மொத்தத்தை ஒப்பிடுங்கள். மொத்தம் வகுப்பின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால், ஒருவரே பல கட்டங்களில் எண்ணப்பட்டிருக்கிறார் என்று ஐயப்பட வேண்டும். குறைவாக இருந்தால் அன்று வராதவர்களோ பதில் எழுதாதவர்களோ விடுபட்டிருக்கலாம். அதனால் கணக்கு தவறாகாது, ஆனால் விடை "பதிலளித்தவர்களில்" என்றுதான் தொடங்க வேண்டும்.

## 2. படத்தைப் பார்த்துத் தாளில் பெயர்த்து எழுதுங்கள்

திரையைப் பார்த்தபடியே கணக்குப் போடாதீர்கள். சாய்வாக எடுத்த படத்தில் ஒரு நிறை இடப்பக்கம் ஓர் உயரத்திலும் வலப்பக்கம் வேறு உயரத்திலும் இருக்கும். கண் தன்னை அறியாமல் அடுத்த நிறைக்கு நழுவிவிடும். படத்தை முதலில் நேராக்கிவிட்டு, ஒரு தாளின் ஓரத்தைத் திரையில் நிறைக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறையாக எழுதுங்கள். தலைப்புகளையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஐயமான எண்ணை ஊகித்து எழுதாமல், அந்தக் கட்டத்தில் கேள்விக்குறி இடுங்கள். மொத்தங்களைப் படத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். நீங்களாகக் கூட்டி எழுதிவிட்டால், அடுத்த படியில் சரிபார்க்க ஒன்றும் மிஞ்சாது.

எண்களா, விழுக்காடுகளா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். சில ஆசிரியர்கள் விழுக்காட்டை எழுதி, விழுக்காட்டுக் குறியை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு நிறையும் 100 என்று முடிந்தால் அவை பெரும்பாலும் நிறை விழுக்காடுகள். ஒவ்வொரு நிரலும் 100 என்று முடிந்தால் நிரல் விழுக்காடுகள். நிறை விழுக்காடு மட்டும் கொண்ட அட்டவணையிலிருந்து நிரலைச் சார்ந்த நிகழ்தகவைக் கணக்கிட முடியாது. வகுப்புகளின் எண்ணிக்கையும் தெரிந்தால்தான் முடியும்.

## 3. மொத்தங்களை வைத்து எண்களைச் சரிபாருங்கள்

எனக்கு மிகவும் உதவிய படி இதுதான், பலர் தாண்டிச் செல்வதும் இதைத்தான். ஒவ்வொரு கட்டமும் இரண்டு மொத்தங்களில் பங்கு கொள்கிறது: தன் நிறையின் மொத்தத்திலும், தன் நிரலின் மொத்தத்திலும். ஆகவே எந்த எண்ணைத் தவறாகப் படித்தாலும் இரண்டு இடங்களில் கணக்கு இடிக்கும். இடிக்கும் நிறையும் நிரலும் சந்திக்கும் கட்டத்தில் தவறு இருக்கும்.

கையெழுத்தில் 57 என்பது 51 போலத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 11ஆம் வகுப்பு நிறையைக் கூட்டினால் 16 + 51 + 29 + 3 = 99; படத்தில் 105 என்று இருக்கிறது, 6 குறைகிறது. சைக்கிள் நிரலைக் கூட்டினால் 14 + 18 + 51 + 61 = 144; படத்தில் 150, அங்கும் 6 குறைகிறது. ஒரே அளவு, ஒரே திசை. ஆகவே அந்தக் கட்டம் 57 என்று உறுதியாகிறது. 1, 7 என்ற இலக்கங்கள் மாறினால் வித்தியாசம் 6 அல்லது 60 ஆக இருக்கும். 3, 8 மாறினால் 5 அல்லது 50 ஆக இருக்கும். இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தால் வித்தியாசம் 9ஆல் வகுபடும். இந்தச் சில எண்களை நினைவில் வைத்துக்கொண்டால், எந்த இலக்கத்தைப் போய்ப் பார்ப்பது என்று உடனே தெரியும்.

நிறைகள் இடித்து நிரல்கள் எல்லாம் சரியாக வந்தால் கதை வேறு. 11ஆம் வகுப்பின் கூட்டல் 11 அதிகமாகி 116 என்றும், 12ஆம் வகுப்பின் கூட்டல் 11 குறைந்து 109 என்றும் வந்து, பேருந்து நிரலின் மொத்தம் 143 என்றே பொருந்தினால், பேருந்து நிரலில் 29, 40 என்ற இரண்டையும் மேலும் கீழுமாக மாற்றி எழுதியிருக்கிறீர்கள். சாய்ந்த படங்களில் இது அடிக்கடி நேரும். ஒரே ஒரு நிறை இடித்து நிரல்கள் நான்கும் சரியாக இருந்தால், அந்த நிறையின் மொத்தத்தையே தவறாகப் படித்திருக்கலாம். கடைசி நிரலைக் கூட்டி 400 வருகிறதா என்று பாருங்கள்.

விளக்கின் பளபளப்பிலோ விரலுக்கு அடியிலோ மறைந்த கட்டத்தையும் இதே வழியில் மீட்கலாம். ஒரு நிறையில் ஒரு கட்டம் மட்டும் மறைந்திருந்தால் மொத்தத்திலிருந்து கழித்தால் போதும். ஒரே நிறையில் இரண்டு மறைந்திருந்தால் நிரல் வழியாகக் கழியுங்கள். ஆனால் இரண்டு நிறைகளும் இரண்டு நிரல்களும் சந்திக்கும் நான்கு கட்டங்கள் ஒன்றாக மறைந்துவிட்டால் மீட்கவே முடியாது. 9, 10 வகுப்புகளின் நடை, சைக்கிள் கட்டங்களில் உள்ள 31, 14, 27, 18 என்பவற்றுக்குப் பதிலாக 32, 13, 26, 19 என்று போட்டுப் பாருங்கள்: எந்த மொத்தமும் மாறாது. அந்த நிலையில் ஊகிப்பதை விட்டுவிட்டு வேறு படம் கேளுங்கள்.

படம் தெளிவாகவே இருந்தும் மொத்தம் பொருந்தாமல் போவதும் உண்டு. எழுதியவர் கூட்டலில் பிசகியிருப்பார். எந்த எண் தவறு என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். நேர்கோட்டுக் குறிகள் போட்ட முதல் தாளைக் கேட்டுப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால், கட்டங்களில் உள்ள எண்களைக் கூட்டிக் கிடைக்கும் மொத்தத்தைப் பயன்படுத்தி, அப்படிச் செய்ததை விடைக்குக் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

## 4. கேள்வியில் பகுதி எது என்று கண்டுபிடியுங்கள்

நிபந்தனை நிகழ்தகவு என்பது, முழு அட்டவணையையும் விட்டுவிட்டு, அதில் ஒரு நிறையையோ ஒரு நிரலையோ மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குள் கணக்கிடுவதாகும். எதை நிபந்தனையாகச் சொல்கிறார்களோ அதன் மொத்தம் பகுதி. இரண்டும் சந்திக்கும் கட்டம் தொகுதி. மூன்று கேள்விகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

முதலாவது: 11ஆம் வகுப்பு மாணவர்களில் ஒருவரைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுத்தால், அவர் சைக்கிளில் வருபவராக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? இங்கே 11ஆம் வகுப்பு நிறை மட்டுமே நம் உலகம். விடை 57/105, ஏறத்தாழ 0.543.

இரண்டாவது: சைக்கிளில் வருவோரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் 11ஆம் வகுப்பில் படிப்பவராக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? இப்போது சைக்கிள் நிரல் மட்டுமே நம் உலகம். விடை 57/150, அதாவது 0.38.

மூன்றாவது: எல்லா மாணவர்களிலும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் 11ஆம் வகுப்பில் படித்து, சைக்கிளிலும் வருபவராக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? இது நிபந்தனை நிகழ்தகவே அல்ல. விடை 57/400, அதாவது 0.1425.

தொகுதி மூன்றிலும் 57தான். மாறுவது பகுதி மட்டும். கேள்வியைப் படிக்கும்போது, ஆட்களைக் குறிக்கும் சொல்லோடு "இல்" சேர்ந்து வரும் இடத்தைத் தேடுங்கள்: "மாணவர்களில்", "வருவோரில்". அந்தக் கூட்டத்தின் மொத்தமே பகுதி. "சைக்கிளில்" என்பதிலும் "இல்" இருக்கிறது, ஆனால் அது வண்டியைக் குறிப்பதால் கணக்கில் சேராது. "அவர் சைக்கிளில் வருபவர் எனத் தெரிந்தால்", "சைக்கிளில் வருபவர் எனில்" என்று கேள்வி அமைந்திருந்தால், "எனில்" என்பதற்கு முன்னால் இருப்பது நிபந்தனை.

குறியீட்டிலும் ஒரு பொறி உண்டு. P(A|B) என்று சில நூல்களும் P(A/B) என்று சில நூல்களும் எழுதுகின்றன. இரண்டாவதைப் பார்த்து A-யை B-யால் வகுப்பது என்று எண்ணிவிடக் கூடாது. கோட்டுக்குப் பின்னால் இருப்பது நிபந்தனை. இரண்டு வடிவங்களுக்கும் வாய்பாடு இதுதான்:

```
P(A|B) = n(A ∩ B) / n(B)
```

## 5. பல நிறைகளைச் சேர்த்துக் கேட்டால்

"9 அல்லது 10ஆம் வகுப்பு மாணவர்களில் சைக்கிளில் வருபவர்" என்று கேட்டால், இரண்டு வகுப்புகளின் நிகழ்தகவுகளைக் கண்டு கூட்டிவிடலாம் என்று தோன்றும். 14/90 என்பது 0.156, 18/85 என்பது 0.212, கூட்டினால் 0.368. இரண்டு வகுப்புகளிலும் தனித்தனியே 0.22-ஐத் தாண்டாத ஒன்று, சேர்த்தால் மட்டும் எப்படி 0.368 ஆகும் என்று கேட்டுக்கொண்டாலே பிழை தெரிந்துவிடும். சரியான வழி, முதலில் எண்களைக் கூட்டி, அதன் பிறகு வகுப்பதாகும்: (14 + 18)/(90 + 85) = 32/175, ஏறத்தாழ 0.183.

சராசரி எடுத்தாலும் சரியாகாது. இங்கே இரண்டு வகுப்புகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் சராசரி 0.184 என்று வந்து, தவறு வெளியே தெரியாமல் போகிறது; ஒரு வகுப்பில் 20 பேரும் இன்னொன்றில் 120 பேரும் இருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆனால் நிரல் பக்கம் கூட்டல் செல்லுபடியாகும். சைக்கிளில் வருவோரில் 9 அல்லது 10ஆம் வகுப்பைச் சேர்ந்தவர் என்றால் 14/150 + 18/150 = 32/150, ஏறத்தாழ 0.213. இரண்டு பின்னங்களுக்கும் பகுதி ஒன்றே, ஒரு மாணவர் இரண்டு வகுப்புகளில் இருக்கவும் முடியாது என்பதால் கூட்டலாம். கூட்டலாமா கூடாதா என்று ஐயம் வந்தால் பகுதிகளைப் பாருங்கள்.

## 6. கணினித் தாளில் செய்தால் டாலர் குறியைக் கவனியுங்கள்

ஒன்றிரண்டு விடைகள்தான் தேவை என்றால் கால்குலேட்டர் போதும். எல்லாக் கட்டங்களுக்கும் தேவை என்றால் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் இடுங்கள். தலைப்புகள் முதல் நிறையில், வகுப்புகள் 2 முதல் 5 வரை, மொத்தம் 6ஆம் நிறையில், நடை முதல் பிற வரை B முதல் E வரையிலான நிரல்களில், மொத்தம் F நிரலில் என்று வைத்துக்கொண்டால், முதல் கட்டத்துக்கான வாய்பாடுகள் இவை:

```
=B2/$F2
=B2/B$6
```

மேலே உள்ளது வகுப்பை நிபந்தனையாகக் கொண்டது. கீழே உள்ளது பயண முறையை நிபந்தனையாகக் கொண்டது. டாலர் குறியை விட்டுவிட்டு வலப்பக்கம் இழுத்தால், அடுத்த கட்டத்தில் பகுதி F-இலிருந்து G-க்கு நகர்ந்து, வெற்றுக் கட்டத்தால் வகுத்ததாகப் பிழைச் செய்தி வரும். அதைவிட ஆபத்தானது, G நிரலில் வேறு எண்கள் ஏதேனும் இருந்துவிடுவது. அப்போது பிழைச் செய்தி வராது, தவறான விடைதான் வரும். ஆகவே முதல் வாய்பாட்டின் விடைகள் ஒவ்வொரு நிறையிலும் கூடி 1 ஆகின்றனவா, இரண்டாவதன் விடைகள் ஒவ்வொரு நிரலிலும் கூடி 1 ஆகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்று தசம இடங்களுக்குச் சுருக்கிய பிறகு கூட்டினால் சிறு வித்தியாசம் வரும். 10ஆம் வகுப்பில் 0.318, 0.212, 0.424, 0.047 என்பவை சேர்ந்து 1.001 ஆகின்றன. இது பிழை அல்ல. எந்த எண்ணையும் திருத்தி 1 ஆக்க முயல வேண்டாம். மேற்கொண்டு கணக்கிட வேண்டியிருந்தால் பின்னமாகவே வைத்திருந்து, கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.

## 7. விடையை எழுதும்போது

வெறும் 0.543 என்று எழுதி நிறுத்தாதீர்கள். "பதிலளித்த 11ஆம் வகுப்பு மாணவர்கள் 105 பேரில் 57 பேர் சைக்கிளில் வருகின்றனர், நிகழ்தகவு 57/105, ஏறத்தாழ 0.543" என்று எழுதினால், மதிப்பிடுபவருக்கும் பகுதி எங்கிருந்து வந்தது என்று தெரியும், தசமத்தில் பிழை இருந்தாலும் முறை சரி என்பது புலப்படும்.

"வகுப்பும் பயண முறையும் சாரா நிகழ்ச்சிகளா?" என்று கூடவே கேட்பார்கள். அதற்கு, நிபந்தனையோடு கிடைத்த 0.543-ஐ, நிபந்தனை இல்லாத 150/400, அதாவது 0.375 என்பதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாக இருந்திருந்தால், "11ஆம் வகுப்பு", "சைக்கிள்" என்ற அந்த இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சாராதவை. இங்கே சமமில்லை, ஆகவே சார்ந்தவை. சாராமல் இருந்திருந்தால் அந்தக் கட்டத்தில் 105 × 150/400, ஏறத்தாழ 39 பேர்தான் இருந்திருப்பார்கள்.

ஆனால் 57 பேர் இருப்பதற்கு விலையில்லா மிதிவண்டிதான் காரணம் என்று இந்த அட்டவணையை மட்டும் வைத்து எழுதிவிடாதீர்கள். மேல்நிலை வகுப்புக்காகத் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கலாம். நடந்து வர முடியாத தூரம் என்பதால் அவர்கள் சொந்த சைக்கிளிலேயே வரலாம். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தையும், சைக்கிள் யார் கொடுத்தது என்பதையும் வினாத்தாளில் கேட்டிருக்க வேண்டும்.